எச்சரிக்கை யாருக்கு? ஒரு வேலைவாய்ப்பு மோசடி அறிவிப்பின் மொழி

மஞ்சள் முக்கோணம் ஒன்று. அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறி. மூலையில் நிறுவனத்தின் சின்னம். படத்தின் கீழே ஐந்தாறு வரியில் ஒரு குறிப்பு. தகவல் தொழில்நுட்பம், வாகனம், எஃகு, வங்கி, விமானப் போக்குவரத்து என எந்தத் துறையை எடுத்துக்கொண்டாலும், இந்தியாவில் பெயர் பெற்ற நிறுவனங்கள் இப்படியொரு குறிப்பை ஏதேனும் ஒரு நாளில் வெளியிட்டிருக்கின்றன. பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எது எந்த நிறுவனத்தினுடையது என்று பிரித்தறிவது கடினம். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்ட அந்த வாசகத்தின் பொதுச்சாயலைத் தமிழில் தந்தால் ஏறத்தாழ இப்படி அமையும்:

“எங்கள் நிறுவனத்தின் பெயரைத் தவறாகப் பயன்படுத்திச் சில விஷமிகள் போலி வேலைவாய்ப்புக் கடிதங்களை அனுப்பி வருவது எங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. பணியமர்த்தலின் எந்தக் கட்டத்திலும் எங்கள் நிறுவனம் கட்டணம் வசூலிப்பதில்லை. அதிகாரபூர்வ மின்னஞ்சல் முகவரியிலிருந்து மட்டுமே நாங்கள் தொடர்புகொள்வோம். இத்தகைய நபர்களுடன் கொள்ளும் தொடர்பினால் நேரும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. பொதுமக்கள் விழிப்புடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

ஐந்தே வாக்கியங்கள். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆயினும் இவ்வகைக் குறிப்புகள் ஆண்டுக்கணக்கில் வெளிவந்துகொண்டிருக்க, போலிக் கடிதத்தை நம்பிப் பணம் இழப்போர் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். காரணத்தை ஏமாந்தவரின் பேராசையில் தேடுவது வழக்கமாகிவிட்டது. வாக்கியங்களில் தேடினால் வேறு சில செய்திகள் கிடைக்கும்.

பேச்சுச் செயல்களைப் பற்றிச் சிந்தித்த ஜே. எல். ஆஸ்டின் ஓர் எளிய எடுத்துக்காட்டைக் கையாண்டார். வயலில் காளை நிற்கிறது என்று ஒருவர் சொல்கிறார். அது எச்சரிக்கையாக இருக்கலாம். இயற்கைக் காட்சியின் வருணனையாகவும் இருக்கலாம். சொற்களை மட்டும் வைத்து இன்னதென்று முடிவு செய்ய இயலாது. ஜான் சேர்ல் 1969-இல் வெளியிட்ட நூலில் எச்சரித்தலுக்குரிய நிபந்தனைகளை வகுத்தபோது இது இன்னும் தெளிவாயிற்று. வரவிருக்கும் நிகழ்ச்சி கேட்பவரின் நலனுக்கு உகந்ததன்று என்று சொல்பவர் கருத வேண்டும். அந்த நிகழ்ச்சி நேரும் என்பது கேட்பவருக்கு வெளிப்படையாகத் தெரியாததாக இருக்க வேண்டும். எச்சரிக்கை என்பது கேட்பவரின் நலனை மையமாகக் கொண்ட செயல் என்பதே இதன் சாரம்.

இப்போது முதல் வாக்கியத்துக்குத் திரும்பலாம். அதில் தீங்குக்கு ஆளாவது எது? நிறுவனத்தின் பெயர். “தவறாகப் பயன்படுத்தி” என்ற வினையெச்சத்துக்குச் செயப்படுபொருள் அதுதான். வேலை தேடுபவர் அந்த வாக்கியத்தில் இடம்பெறவே இல்லை. கடிதங்கள் ‘அனுப்பப்படுகின்றன’, யாருக்கு என்பது சொல்லப்படவில்லை. “கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது” என்ற செயப்பாட்டு வினை இன்னொரு வேலையையும் செய்கிறது. யார் கொண்டுவந்தார்கள்? பெரும்பாலும் ஏமாந்த ஒருவர்தான். போலி ஆஃபர் லெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நிறுவனத்தின் வாயிற்காவலரிடம் வந்து நின்றவர். அல்லது குறித்த நாளில் மடிக்கணினி வராததால் மனிதவளத் துறைக்கு எழுதிக் கேட்டவர். அறிவிப்பு பிறப்பதற்கே காரணமான அந்த மனிதர் செயப்பாட்டு வினைக்குள் மறைந்துவிடுகிறார்.

நான்காவது வாக்கியம் பொறுப்புத் துறப்பு. ஐந்தாவது, ‘பொதுமக்கள்’ என்று எல்லோரையும் அழைத்து எவரையும் அழைக்காமல் விடுகிறது. ஆக, ஐந்தில் மூன்று வாக்கியங்கள் எச்சரிக்கையின் உடையை அணிந்திருக்கின்றனவே தவிர, ‘நாங்கள் முன்பே சொல்லிவிட்டோம்’ என்று பிறகொரு நாளில் காட்டுவதற்கான பதிவுகள். இதில் சதி ஏதுமில்லை. இத்தகைய வாசகம் சட்டத்துறையின் பார்வைக்குப் போய் வருவது. அங்கே படிப்பவர் மனத்தில் நிற்பது வழக்கு, விண்ணப்பதாரர் அல்லர். எனினும், ஆஸ்டினின் காளையைக் கொண்டு சொன்னால், வயலுக்குச் சொந்தக்காரர் ‘காளைக்கு நான் பொறுப்பல்ல’ என்று வேலியில் எழுதி மாட்டியிருக்கிறார். வயலுக்குள் நிற்பவருக்கு அந்தப் பலகையின் பின்பக்கம்தான் தெரிகிறது.

எஞ்சியிருப்பவை இரண்டு வாக்கியங்கள்: பணம் பற்றியது ஒன்று, முகவரி பற்றியது மற்றொன்று. உண்மையில் வேலை தேடுபவருக்குப் பயன்படக்கூடியவை இவ்விரண்டே. அதனால் இவற்றிடம் சற்று நேரம் தங்குவது தகும்.

“எந்தக் கட்டத்திலும் எங்கள் நிறுவனம் கட்டணம் வசூலிப்பதில்லை.” முற்றிலும் எதிர்மறையான, விலக்கே இல்லாத கூற்று. இதன் வலிமை என்னவென்றால், படிப்பவர் வேறு எவரையும் கேட்காமல் தாமே சோதித்துப் பார்க்கலாம்: பணம் கேட்டார்களா, இல்லையா? கடிதத்தின் முத்திரை உண்மையா, கையொப்பம் உண்மையா என்று ஆராயும் தேவை இல்லை. ஆனால் மோசடி செய்பவரும் இந்த வாக்கியத்தைப் படித்திருக்கிறார். அதை மறுக்காமல், அதன் ஓரமாக நடந்து போகும் வழியையும் கண்டுபிடித்திருக்கிறார்.

போபாலில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் முடித்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் தன்விவரக் குறிப்பைப் பதிவேற்றி நான்கு மாதங்கள் ஆகின்றன. திங்கள்கிழமை வாட்ஸாப்பில் ஒரு செய்தி வருகிறது. உங்கள் விவரக்குறிப்பு முதற்கட்டத் தேர்வில் தேறியிருக்கிறது. இந்தப் படிவத்தை நிரப்புங்கள். மறுநாள் தொலைபேசியில் பன்னிரண்டு நிமிட நேர்காணல். கேள்விகள் மிக எளியவையும் அல்ல. ஒன்றிரண்டுக்கு அவருக்கு விடை தெரியவில்லை, அதனாலேயே நேர்காணல் உண்மையானது என்று தோன்றுகிறது. புதன்கிழமை ஆஃபர் லெட்டர் வருகிறது. நிறுவனத்தின் பதிவு எண் அதில் இருக்கிறது, அது சரியான எண்ணும்கூட. நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் எவரும் பார்த்துக்கொள்ளக்கூடியதுதானே அது. கீழே கையொப்பமிட்டவரின் பெயரும் உண்மையில் அங்கே பணியாற்றும் மனிதவள அதிகாரி ஒருவரின் பெயர்; தொழில்முறை வலைத்தளங்களில் அது வெளிப்படையாகவே கிடைக்கும். அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, வருங்கால வைப்புநிதிப் பிடித்தம் எனச் சம்பளப் பட்டியல் வரி வரியாக இருக்கிறது.

வியாழக்கிழமை முதல் தொகை: பின்னணிச் சரிபார்ப்புக்கு 1,850 ரூபாய். இது கட்டணம் அன்று என்கிறார் எதிர்முனையில் இருப்பவர்; முதல் மாதச் சம்பளத்தோடு திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை. வெள்ளிக்கிழமை மடிக்கணினிக்காக 9,500. இது நிறுவனத்துக்குச் செலுத்துவதும் அன்று. கருவிகளை வழங்கும் வெளி ஒப்பந்ததாரருக்குச் செலுத்துவது. சனிக்கிழமை பயிற்சிக் காலப் பிணைத்தொகையாக 15,000. இதைச் செலுத்தாவிட்டால் முன்பு செலுத்திய இரண்டும் காலாவதியாகிவிடும். மொத்தம் 26,350 ரூபாய். நான்காவது தொகையைக் கேட்கும்போதோ, கேட்பதற்கு முன்பாகவோ அந்த எண் அணைந்துவிடுகிறது.

இங்கே மொழியில் நிகழ்ந்ததைக் கவனிக்க வேண்டும். நிறுவனத்தின் வாக்கியத்தில் மூன்று சொற்கள் பாரம் தாங்குகின்றன: நிறுவனம், கட்டணம், வசூலிப்பதில்லை. மோசடிக்காரர் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார். கட்டணம் ‘வைப்புத்தொகை’ ஆயிற்று. நிறுவனம் ‘ஒப்பந்ததாரர்’ ஆயிற்று. வசூலிப்பது, திருப்பித் தரப்போவதாகச் சொன்னதால், வசூலே இல்லை என்றாயிற்று. அந்தப் பட்டதாரி புதன்கிழமை இரவே எச்சரிக்கைக் குறிப்பைத் தேடிப் படித்திருந்தாலும், மறுநாள் கேட்கப்பட்டது அந்த வாக்கியத்தோடு முரண்படவில்லை. எச்சரிக்கையைப் படித்த பின்பும் ஏமாறுவது சாத்தியம் என்பது மட்டுமன்று. ‘கட்டணம் இல்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், இது கட்டணம் இல்லை’ என்று எச்சரிக்கையே சான்றாகவும் மாறிவிடக்கூடும்.

எனவே அந்த வாக்கியத்தில் வினைமுதலை மாற்ற வேண்டும். ‘நாங்கள் வசூலிப்பதில்லை’ என்பது நிறுவனத்தின் நடத்தையைப் பற்றிய கூற்று. ‘வேலைக்குச் சேரும் முன் நீங்கள் எவருக்கும், எந்தப் பெயரிலும், ஒரு ரூபாயும் செலுத்த வேண்டியிராது, திருப்பித் தருவதாகச் சொன்னாலும்’ என்பது படிப்பவரின் செயலைப் பற்றிய கூற்று. முன்னதில் எதிர்மறை நிறுவனத்தோடு நின்றுவிடுகிறது. பின்னதில் அது பெறுபவர், பெயர், நோக்கம் எல்லாவற்றையும் தழுவிக்கொள்கிறது. இரண்டும் ஒரே பொருள் தருவனவாகத் தோன்றுவது, மோசடிக்காரரைச் சந்திக்காதவர்களுக்கு மட்டுமே.

பணத்தைப் பற்றிய இன்னொரு தடயம் கைப்பேசித் திரையிலேயே இருக்கிறது. யூபிஐ வழியாகப் பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயர் காட்டப்படும். பெருநிறுவனத்துக்கு அனுப்புவதாக நினைக்கும் பணம் ஒரு தனிநபரின் பெயருக்குப் போகிறது. ‘அவர் எங்கள் கணக்குப் பிரிவு அலுவலர்’ என்ற விளக்கம் தயாராகவே இருக்கும். பல வேளைகளில் அது கமிஷனுக்காகத் தம் வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்ட ஒருவரின் பெயர்; பணம் அங்கே தங்குவதில்லை, நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடுகிறது. எச்சரிக்கைக் குறிப்புகள் இந்தத் திரையைப் பற்றிப் பேசுவதைக் காண்பது அரிது.

அடுத்தது முகவரி. “அதிகாரபூர்வ மின்னஞ்சல் முகவரியிலிருந்து மட்டுமே.” அதிகாரபூர்வ முகவரி எது என்று பல குறிப்புகள் சொல்வதே இல்லை, சொல்லும் குறிப்புகளும் அதை எப்படிப் படிப்பது என்று சொல்வதில்லை. முகவரியைப் படிப்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு என்பதும், அது தமிழ் அறிந்தவருக்கு ஏற்கெனவே பழகிய இலக்கணம் என்பதும் கவனிக்கத்தக்கவை.

மதுரைத் தமிழ்ச் சங்கம் என்ற தொடரில் தலைமைச் சொல் எது? வலப்புறக் கடைசியில் உள்ள ‘சங்கம்’. இடப்புறம் இருப்பவை அதற்கு அடைகள். தமிழில் பெயர்த்தொடரின் தலை வலப்புறம் அமைகிறது. இணையப் பெயர்களும் அப்படியே. பொருளின் பாரம் வலப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் எத்தனை அடைகளை வேண்டுமானாலும் உரிமையாளர் சேர்த்துக்கொள்ளலாம். எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர்வெளியில் மூன்று முகவரிகளை எழுதிப் பார்க்கலாம்:

```
hr@careers.niruvanam.example
hr@niruvanam.careers.example
hr@niruvanam-careers.example
```

`niruvanam.example` என்பதே நிறுவனத்தின் உண்மைப் பெயர் என்று கொள்வோம். முதல் முகவரி நிறுவனத்தினுடையது; `careers` என்பது அதற்குள் அமைந்த ஒரு பிரிவு. இரண்டாவதில் அதே சொற்கள் இடம் மாறியிருக்கின்றன. அதன் உரிமையாளர் `careers.example` என்ற பெயரைப் பதிவு செய்தவர். ‘Niruvanam’ அங்கே வெறும் அடைமொழி, எவர் பெயரையும் அவர் அப்படி ஒட்டிக்கொள்ளலாம். மூன்றாவதில் இருப்பது புள்ளி அன்று, இணைப்புக்கோடு. புள்ளி பெயரைப் பிரிக்கும், கோடு பிரிக்காது. ஆகவே `niruvanam-careers` முழுவதும் ஒரே சொல், யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்குப் பதிவு செய்யக்கூடிய தனிப் பெயர். இந்தியப் பெயர்களில் ஒரு சிறு வேறுபாடு உண்டு: `co.in`, `org.in` போன்றவற்றில் வலப்புற இரண்டு பகுதிகளும் பொதுவானவை, அவற்றுக்கு உடனடியாக இடப்புறம் நிற்பதே உரிமையாளரின் பெயர்.

‘நிறுவனத்தின் பெயர் முகவரியில் இருக்கிறதா என்று பாருங்கள்’ என்ற அறிவுரை ஏன் ஆபத்தானது என்பது இதிலிருந்து விளங்கும். மூன்றிலும் பெயர் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி, பெயர் இருக்கிறதா என்பதன்று. அது தலையாக இருக்கிறதா, அடையாக இருக்கிறதா என்பது.

இதிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. மின்னஞ்சல் வடிவமைக்கப்பட்ட காலத்தில் அனுப்புநர் தம் முகவரியைத் தாமே எழுதிக்கொள்ளும்படி விடப்பட்டது. கடித உறையின் பின்புறம் எவர் பெயரையும் எழுதலாம் என்பதைப் போல. அதனால் `niruvanam.example` என்ற சரியான முகவரியையே தாங்கிப் போலி மடல் வருவதும் நேரலாம். இதைத் தடுக்க நிறுவனம் தன் இணையப் பெயரின் கீழ் டிமார்க் என்ற ஒரு குறிப்பைப் பதிவு செய்துவைக்கலாம். அது பெறுபவரின் மின்னஞ்சல் சேவைக்கு இடப்படும் கட்டளை. அதில் `p=reject` என்றிருந்தால், சரிபார்ப்பில் தவறும் மடலைத் திருப்பிவிடு என்று பொருள். `p=none` என்றிருந்தால், தவறினாலும் ஒன்றும் செய்ய வேண்டாம், தகவல் மட்டும் தெரிவி என்று பொருள். இது ஒளிவான செய்தி அன்று; எந்த நிறுவனத்தின் நிலையையும் எவரும் ஒரே வரியில் கேட்டுப் பார்க்கலாம்:

```
dig +short TXT _dmarc.niruvanam.example
```

‘எங்கள் முகவரியிலிருந்து வந்தால் மட்டும் நம்புங்கள்’ என்று விண்ணப்பதாரருக்கு எழுதும் நிறுவனம், தன் முகவரியை `none` என்ற நிலையில் திறந்து வைத்திருக்குமானால், அந்த வாக்கியத்தை எழுதும் தகுதி அதற்கு இல்லை. சேர்லின் மொழியில், அது தயார்நிலை நிபந்தனை நிறைவேறாத பேச்சுச் செயல். டிமார்க் எல்லாவற்றையும் காப்பதும் இல்லை: மேலே கண்ட இரண்டாம், மூன்றாம் முகவரிகளை அது தடுக்காது, ஏனெனில் அவை வேறொருவருக்குச் சொந்தமானவை. வாட்ஸாப்பையும் அது தொடாது. நிறுவனத்தின் கையில் இருக்கும் ஒரே கதவு அது; அதையாவது சாத்தலாம்.

முகவரியே இல்லாத மோசடிகளும் உண்டு என்பதை 2022-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று நினைவூட்டும். ரயில்வேயில் வேலை என்று நம்பிப் பணம் கொடுத்த தமிழ்நாட்டைச் சேர்ந்த இருபத்தெட்டுப் பேர், புது தில்லி ரயில் நிலைய நடைமேடைகளில் வந்துபோகும் ரயில்களையும் பெட்டிகளையும் நாள்தோறும் எட்டு மணி நேரம், ஏறத்தாழ ஒரு மாதம் எண்ணினார்கள். அதுவே பயிற்சி என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. இழந்த தொகை இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் மேல். அவர்களுக்கு மின்னஞ்சல் முகவரியைச் சரிபாருங்கள் என்ற அறிவுரை எதையும் செய்திருக்காது. பணம் பற்றிய வாக்கியம் ஒன்றே, அதுவும் ‘எவருக்கும், எந்தப் பெயரிலும்’ என்ற வடிவில், பணம் கைமாறும் முன்பே காதில் விழுந்திருந்தால், தடுத்திருக்கக்கூடும். அரசு வேலைக்கு யாருக்கோ ஏதோ கொடுக்கத்தான் வேண்டும் என்ற நம்பிக்கை ஊறிய சமூகத்தில் அந்த வாக்கியத்துக்கு எதிராக நிற்பது மோசடிக்காரர் மட்டும் அல்லர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை வாசகத்துக்கு நேரும் மிக விசித்திரமான கதி, அது போலிக் கடிதத்துக்குள்ளேயே குடியேறிவிடுவதுதான். நன்கு தயாரிக்கப்பட்ட போலி ஆஃபர் லெட்டர்களின் அடியில் சிறிய எழுத்தில் ‘போலி வேலைவாய்ப்புகளிடம் எச்சரிக்கையாக இருங்கள்’ என்ற குறிப்பு அச்சாகியிருக்கும். உண்மை நிறுவனத்தின் தளத்திலிருந்து எழுத்து மாறாமல் எடுக்கப்பட்டது. படிப்பவர் இப்படி எண்ணுகிறார்: திருடன் ‘திருடனிடம் கவனமாக இரு’ என்று சொல்வானா? சொல்வான். சொல்வதற்கு அவனுக்குச் செலவு ஏதுமில்லை. சொல் என்பது எவர் வாயிலும் அதே சொல்தான். எச்சரிக்கை தன்னைச் சொல்பவர் இன்னார் என்று தானே நிரூபிக்க இயலாது. லெட்டர்பேட், முத்திரை, பதிவு எண், அதிகாரியின் பெயர், எச்சரிக்கைக் குறிப்பு ஆகிய அனைத்தும் படியெடுக்கக்கூடியவை. கடிதத்துக்குள் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கடிதத்துக்குள்ளிருந்து உண்மை தெரியாது.

ஆகவே கடிதத்திலிருந்து வெளியேறச் சொல்வதே பயனுள்ள எச்சரிக்கை. கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களாகவே போய், அங்கே கிடைக்கும் வழியில் இந்தக் கடிதத்தின் எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘போய்க் கேளுங்கள்’ என்று சொன்னால், கேட்டவருக்கு விடை சொல்ல மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தாக வேண்டும். சில நிறுவனங்கள் இதற்கென ஒரு முகவரியைத் தருகின்றன. அங்கே எழுதியவருக்கு எத்தனை நாளில் விடை வரும் என்று சொல்வோர் மிகக் குறைவு. மோசடிக்காரர் கொடுக்கும் கெடுவோ பெரும்பாலும் ஒரே நாள், சில நேரங்களில் இரண்டு மணி நேரம். ஏழு வேலை நாள்களில் வரும் உண்மை, இரண்டு மணி நேரக் கெடுவுக்கு முன்னால் எதுவும் செய்யாது.

இந்த வாசகம் இருக்கும் இடத்தையும் மொழியையும் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. கற்றறிந்தவருக்கே இருமுறை படிக்க வேண்டிய சட்ட ஆங்கிலம். பல வேளைகளில் எழுத்துகள் படத்துக்குள்ளேயே புதைந்திருக்கின்றன. தேடுபொறிக்கு அவை எளிதில் அகப்படுவதில்லை, திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்ற விண்ணப்பதாரருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. நிறுவனத்தைப் பின்தொடர்வோருக்கு ஒருநாள் தென்பட்டு மறுநாள் கீழே போய்விடுகிறது. அதே நிறுவனத்தின் பெயரால் வரும் போலிச் செய்தியோ இந்தியில், ஒடியாவில், தெலுங்கில், வீட்டுத் தொலைபேசிக்கு நேராக, ‘வாழ்த்துகள்’ என்ற சொல்லோடும் விண்ணப்பதாரரின் பெயரோடும் வருகிறது. ஒன்று பெயர் சொல்லி அழைக்கிறது. மற்றொன்று ‘பொதுமக்களே’ என்கிறது.

இழந்த பிறகு என்ன செய்வது என்பதிலும் குறிப்புகள் கைவிரிக்கின்றன. ‘உரிய சட்ட அமலாக்க அமைப்புகளை அணுகவும்’ என்பதோடு முடித்துக்கொள்கின்றன. உரிய அமைப்பு எது, எண் என்ன என்பதை எழுத அதைவிடக் குறைந்த இடமே போதும்: 1930 என்ற தேசிய உதவி எண், `cybercrime.gov.in` என்ற தளம். இந்த எண்ணின் பயன் ஆறுதல் சொல்வதன்று. புகார் விரைவாகப் பதிவானால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் அதற்கடுத்த வங்கிக்கும் தகவல் செல்லும். வழியில் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும் தொகையை நிறுத்தி வைக்க முடியும். மணிக்கணக்கு இங்கே உண்மையான கணக்கு. பரிவர்த்தனை எண், நேரம், தொகை, பெறுபவரின் யூபிஐ முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைக்க வேண்டும். உரையாடல்களை அழித்துவிடக் கூடாது. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம் என்பதை அறிந்திருந்தால், ‘இது உங்கள் கவனக்குறைவு’ என்று சொல்லித் திருப்பி அனுப்ப முயலும் மேசையின் முன் சற்று நிமிர்ந்து நிற்கலாம்.

ஆனால் பலர் அழைப்பதே இல்லை. வெள்ளிக்கிழமையே ஐயம் தோன்றிவிட்ட அந்தப் பட்டதாரி சனிக்கிழமையும் பணம் அனுப்புவதற்குக் காரணம், ஆஃபர் லெட்டர் வந்த புதன்கிழமையே வீட்டில் இனிப்பு வாங்கியாகிவிட்டது என்பதுதான். அப்பா உறவினர்களுக்குச் சொல்லிவிட்டார். 15,000 ரூபாய்க்கு அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. ஏமாந்துவிட்டேன் என்று சொல்வது, வேலை இல்லை என்று இரண்டாவது முறை சொல்வதாகும். நிறுவனத்தின் குறிப்பு ‘விழிப்புடன் இருங்கள்’ என்று சொல்லும்போது, விழிப்பாக இல்லாதவர் என்ற பட்டத்தையும் ஏமாந்தவர் தலையில் மறைமுகமாக வைத்துவிடுகிறது. அந்தப் பட்டத்தோடு எவரும் 1930-ஐ விரும்பி அழைப்பதில்லை.

மேலே சொன்னவற்றை வைத்து வேறொரு குறிப்பை எழுதிப் பார்க்கலாம்.

“எங்கள் நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டதாக உங்களுக்குக் கடிதமோ அழைப்போ வந்திருக்கிறதா? சேரும் முன் நீங்கள் எவருக்கும், எந்தப் பெயரிலும், ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. வைப்புத்தொகை, மடிக்கணினி, பயிற்சி, சரிபார்ப்பு, ‘பிறகு திருப்பித் தருவோம்’ என்று எது சொன்னாலும் அது மோசடி. கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காமல், எங்கள் தளத்துக்கு நீங்களே வந்து கடித எண்ணைப் பதிவிடுங்கள்; இன்று மாலைக்குள் ஆம் அல்லது இல்லை என்று விடை தருவோம். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இப்போதே 1930-ஐ அழையுங்கள். கடிதம் போலி என்று காவல்துறைக்குக் காட்ட எழுத்துமூலச் சான்று நாங்கள் தருவோம். உங்களைப் போல் பலருக்கு இது நேர்ந்திருக்கிறது.”

இதில் பொறுப்புத் துறப்பு இல்லை என்று சட்டத்துறை சொல்லும்; வேண்டுமானால் தனியாக, வேறு பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். இதை எழுதுவதற்குச் செலவு இல்லை. ஆறாவது வாக்கியத்துக்கும், நான்காவது வாக்கியத்தின் ‘இன்று மாலைக்குள்’ என்ற இரண்டு சொற்களுக்கும் மட்டும் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை நியமிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு பணியிடத்துக்கும் விண்ணப்பங்கள் வரும்.